மழைக்கு முன் 24 வகுப்புப் பக்கேஜ்: எடுக்கலாமா, விடலாமா?

உடற்பயிற்சி ஸ்டூடியோவில் 24 வகுப்புக்கு 7,200 ரூபா. வகுப்புக்கு 300 ரூபாதான் வரும். தனித்தனியாகக் காசு கட்டிப் போனால் ஒவ்வொரு முறையும் 500. மேசையில் இருக்கும் பிள்ளை இப்படிச் சொல்லும்போது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த 300 ரூபா 24 வகுப்புக்கும் போய் முடிக்கிறவருக்கு மட்டும் பொருந்தும் விலை. வன்னியில் கார்த்திகையில் தொடங்கி மாசி வரைக்கும் ஒரு பக்கேஜை முழுதாக முடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கிளிநொச்சியில் ஒரு ஸ்டூடியோவில் வரவு எழுதும் வேலையில் இருந்தபோது, பாதிக் கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கும் அட்டைகள் தை மாதக் கடைசியில் காலாவதியாவதைப் பார்த்திருக்கிறேன். அந்த அட்டைக்காரர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. மழையும் வயலும் வீட்டு விசேஷங்களும் அவர்களுடைய நாட்களை எடுத்துக்கொண்டன.

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு முன்னால் வழக்கமாக நான்கு வழிகள் வைக்கப்படுகின்றன. முதலாவது, போகும் நாளில் காசு கட்டுவது: 500 ரூபா. இரண்டாவது, 10 வகுப்புப் பக்கேஜ்: 4,000 ரூபா, 45 நாளுக்குச் செல்லும், வராத நாட்களுக்காகப் பக்கேஜை இடையில் நிறுத்திவைக்கும் பிரீஸ் கிடையாது. மூன்றாவது, 24 வகுப்புப் பக்கேஜ்: 7,200 ரூபா, 90 நாள், ஒரு தடவை 14 நாள் வரை பிரீஸ் பண்ணலாம். நான்காவது, மாதக் கட்டணம்: 4,500 ரூபா, 30 நாளுக்குள் எத்தனை முறையும் வரலாம். இந்த விலைகள் கணக்குப் பார்ப்பதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் இடத்து விலைகளைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள். ரூபா மாறினாலும் கணக்குப் போகும் வழி மாறாது.

முதலில் பார்க்க வேண்டியது, எத்தனையாவது வகுப்பில் பக்கேஜ் தனிக் கட்டணத்தை விட மலிவாகத் தொடங்குகிறது என்பதை. 7,200ஐ 500ஆல் பிரித்தால் 14.4 வரும். அதாவது 15ஆவது வகுப்புக்குப் போனால்தான் 24 பக்கேஜ் லாபம். 14இலேயே நின்றுவிட்டால் தனித்தனியாகப் போயிருப்பதே மலிவு. 10 பக்கேஜில் எட்டாவது வகுப்பில் சரிக்குச் சரி, ஒன்பதாவதில்தான் லாபம். மாதக் கட்டணத்திலும் ஒன்பது முறை போனால் சரிக்குச் சரி, பத்தாவது முறையில் இருந்து லாபம்.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விசயம் தெரியும். சின்னப் பக்கேஜ்தான் ஆபத்துக் குறைந்தது என்று நாங்கள் நினைக்கிறோம், ஏனென்றால் கையில் இருந்து போகும் காசு குறைவு. ஆனால் 10 பக்கேஜில் இரண்டே இரண்டு வகுப்பைத் தவறவிட்டால் லாபம் முழுக்கப் போய்விடும். 24 பக்கேஜில் ஒன்பது வகுப்பைத் தவறவிட்டாலும் கொஞ்சம் லாபம் மிஞ்சும். ஆகவே பெரிய பக்கேஜை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. அந்த 15ஆவது வகுப்பை எட்டும் வரை பக்கேஜ் உயிரோடு இருக்குமா என்பதுதான் கேள்வி, அதைத் தீர்மானிப்பது திகதிகள்.

உருத்திரபுரத்தில் இருந்து கிளிநொச்சி நகரத்துக்கு வேலைக்கு வரும் ஓர் அக்காவை எடுத்துக்கொள்வோம். அவரைப் போலப் பலர் எங்கள் அட்டைப் பெட்டியில் இருந்தார்கள். வகுப்பு திங்கள், புதன், வெள்ளி பின்னேரம் ஐந்தேகாலுக்கு. கந்தோர் முடிந்து நேரே வருவார், வகுப்பு முடிந்து ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போவார். கிழமைக்கு இரண்டு முறை வருவது என்பது அவருடைய திட்டம். வீட்டில் வயல் இருக்கிறது, காலபோகம் விதைத்திருக்கிறார்கள். நவம்பர் முதலாம் திகதி 24 பக்கேஜ் எடுக்கிறார்.

தாளில் பார்த்தால் 90 நாள் கிட்டத்தட்ட 13 கிழமை. கிழமைக்கு இரண்டு முறை போனால் 24 முடிந்து ஒன்றிரண்டு நாள் மிஞ்சக்கூட இடமிருக்கிறது. இனி நடக்கக்கூடியதைப் பார்ப்போம்.

நவம்பரில் எட்டு முறை வர நினைத்தார், மழையால் இரண்டு போய்விட்டது, ஆறு வகுப்பு. டிசம்பர் 1 தொடக்கம் 17 வரை ஐந்துக்குத் திட்டம், மழையும் ஒரு காய்ச்சலும் சேர்ந்து மூன்றுதான். டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். ஆறேகாலுக்கு வகுப்பு முடிந்து, தண்ணீர் நிற்கும் தெருவில் தனியாக ஸ்கூட்டியில் போக வேண்டும் என்றால், மழை பெய்யாத நாளிலும் வானம் கறுத்தால் வீட்டார் வேண்டாம் என்பார்கள். பிறகு 18 தொடக்கம் 31 வரை 14 நாள் பிரீஸ், ஏனென்றால் வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் வந்து நிற்கிறார்கள். ஜனவரி 29 வரை எட்டுக்குத் திட்டம், பொங்கல் கிழமை முழுதாகப் போய்விட்டது, ஆறு வகுப்பு. பிரீஸ் பண்ணிய 14 நாளும் கடைசியில் சேர்ந்து முடிவுத் திகதி பெப்ரவரி 12 ஆகிறது. அந்த இரண்டு கிழமையில் அறுவடை தொடங்கிவிட்டது, நான்குக்குப் பதில் இரண்டு.

ஆறும் மூன்றும் ஒன்பது, ஆறு சேர்த்தால் பதினைந்து, இரண்டு சேர்த்தால் பதினேழு. மீதி ஏழு வகுப்பு, 2,100 ரூபா, பெப்ரவரி 12 இரவோடு போய்விட்டது. அவருக்கு ஒரு வகுப்பு விழுந்த விலை 7,200ஐ 17ஆல் பிரித்தால் 424 ரூபா. 300 இல்லை. ஆனாலும் தனித்தனியாகப் போயிருந்தால் 8,500 ஆகியிருக்கும். ஏழு வகுப்பைத் தொலைத்தும் 1,300 ரூபா மிச்சம். இப்படிப் பார்த்தால் பெரிய பக்கேஜ் வென்றுவிட்டது.

இதே அக்கா 10 பக்கேஜ் எடுத்திருந்தால்? நவம்பர் 1இல் எடுத்தது டிசம்பர் 15இல் முடியும், அதற்குள் ஒன்பது. ஜனவரி 1இல் இன்னொன்று எடுத்தால் பெப்ரவரி 14 வரை செல்லும், அதற்குள் எட்டு. இரண்டுக்கும் 8,000. அதே 17 வகுப்பு, மிச்சம் 500 ரூபா மட்டும். முதல் பக்கேஜில் ஒரு வகுப்பும் இரண்டாவதில் இரண்டும் வீண். மழைக்காலத்துக்கு 10 பக்கேஜை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். முற்பணமும் கட்டி, திகதிக்கும் பயந்து, பிரீஸும் இல்லாமல், கிடைப்பது மூன்றரை மாதத்தில் 500 ரூபா. மாதக் கட்டணம் இந்த அக்காவுக்குக் கதைக்கவே வேண்டாத ஒன்று: நவம்பரில் ஆறு முறை வந்து 4,500 கட்டினால் வகுப்புக்கு 750.

சரி, பெரிய பக்கேஜ்தான் என்று முடிவெடுத்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். அந்த 17 வகுப்பு இரண்டு நல்ல விதிகளின் மேல் நிற்கிறது. அவை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் பார்க்க வேண்டும்.

முதலாவது விதி பிரீஸ் பற்றியது. ஒரு நாளாவது முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பது பல இடங்களில் உள்ள ஒழுங்கு. பின்னோக்கி பிரீஸ் பண்ண மாட்டார்கள். சொந்தக்காரர் வந்து இறங்கிய அமளியில் அக்கா சொல்ல மறந்து, ஜனவரி 2ஆம் திகதி வந்து, "பிள்ளை, இரண்டு கிழமை வரேல்லை, அதைச் சேர்த்து விடுங்கோ" என்று கேட்டால், மேசையில் இருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. கேட்பவரின் முகத்தைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் ஒருவருக்குச் செய்தால் அடுத்த நாள் பத்துப் பேர் வருவார்கள். அப்போது பக்கேஜ் ஜனவரி 29இலேயே முடியும். 15 வகுப்பு, ஒவ்வொன்றும் 480 ரூபா. மூன்று மாதத்தில் மிச்சம் 300 ரூபா.

இரண்டாவது விதி, நாள் எண்ணத் தொடங்குவது எப்போது என்பது. காசு கட்டிய நாளில் இருந்தா, முதல் வகுப்புக்கு வந்த நாளில் இருந்தா? இரண்டு வழக்கமும் இருக்கிறது. விலை கூடப் போகிறது என்று கேள்விப்பட்டு நவம்பர் 1இல் காசைக் கட்டிவிட்டு, ஒரு கிழமை கழித்துத்தான் அக்கா தொடங்குகிறார் என்று வையுங்கள். காசு கட்டிய நாளில் இருந்து எண்ணும் இடத்தில் இரண்டு வகுப்பு அங்கேயே போய்விட்டது. பிரீஸும் தவறியிருந்தால் மொத்தம் 13 வகுப்பு, ஒவ்வொன்றும் 554 ரூபா. முற்பணம் கட்டியவர், போகும் நாளில் காசு கட்டுகிறவரை விடக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். பக்கேஜ் அதே பக்கேஜ், விலையும் அதே விலை. மாறியது இரண்டு விதி மட்டும்.

ஆகவே விலையைக் கேட்கும் முன் இந்த இரண்டையும் கேளுங்கள் என்பேன். அதிலும் பிரீஸை இன்னும் கொஞ்சம் கிண்டிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றித்தான் ஆட்களுக்குத் தப்பான எண்ணம் அதிகம்.

பிரீஸ் என்பது போகாத நாட்களை அப்படியே திருப்பித் தருவது என்று நினைக்கிறோம். உண்மையில் அது நாட்களை இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். டிசம்பர் கடைசியில் எடுத்த 14 நாளை பெப்ரவரியில் போடுகிறது. அந்த 14 நாளுக்கு என்ன பெறுமதி என்பது பெப்ரவரியில் நீங்கள் எத்தனை வகுப்புக்குப் போக முடியும் என்பதைப் பொறுத்தது. எங்கள் அக்காவுக்கு அது அறுவடைக்குள் விழுந்தது. அறுவடை இயந்திரம் எப்போது வரும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. வருகிற நாளில் சாப்பாடு, தேத்தண்ணீர், நெல் காயப்போடுவது எல்லாம் ஒன்றாக வரும். 14 நாளில் இரண்டு வகுப்புத்தான் தேறியது. வயல் இல்லாத, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற ஒருவருக்கு அதே 14 நாளில் நான்கும் தேறும். பிரீஸ் போடும் முன் கலண்டரை எடுத்து, புது முடிவுத் திகதி எங்கே விழுகிறது என்று பாருங்கள். அது திருவிழாவிலோ அறுவடையிலோ சோதனைக் காலத்திலோ போய் விழுந்தால் அந்தப் பிரீஸால் பெரிய பிரயோசனம் இல்லை.

இன்னொன்று, பிரீஸ் தொடர்ச்சியாக வராமல் இருக்கும் நாட்களுக்குத்தான் உதவும். பெரும்பாலும் ஏழு நாளுக்குக் குறைய போட விடமாட்டார்கள். மழைக்காலத்தில் எங்களுக்குப் போகும் நாட்களோ உதிரி உதிரியாகப் போகின்றன. இந்தப் புதன் ஒன்று, அடுத்த திங்கள் ஒன்று. அதற்குப் பிரீஸ் போட முடியாது. நோன்பு பிடிக்கும் சகோதரிகளுக்கு நிலைமை வேறு: றமழான் 29 அல்லது 30 நாள், ஐந்தேகால் வகுப்பு நோன்பு திறக்கும் நேரத்தோடு முட்டும். 14 நாள் பிரீஸ் அவர்களுக்குப் பாதிதான். றமழான் நடுவில் வரும் காலத்தில் 90 நாள் பக்கேஜ் எடுப்பதானால், 30 நாள் நிறுத்திவைக்கலாமா என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

பிரீஸில் இருக்கும்போது ஒரு நாள் ஆசைப்பட்டு வகுப்புக்கு வந்தால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். சில இடங்களில் வந்த அந்த நாளோடு பிரீஸ் முடிந்துவிடும், மீதி நாட்களும் போய்விடும். பத்து நாள் மிச்சம் இருக்கும் பிரீஸை ஒரு வகுப்புக்காகத் தொலைத்தவர்கள் உண்டு. பிரீஸ் போடும் முன் வாட்ஸ்அப்பில் பதிந்து வைத்த வகுப்புகள் இருந்தால் அவற்றையும் நீங்களே ரத்துச் செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நிறுத்திவைத்த காலத்துக்குள்ளேயே ஒரு வகுப்பு வெட்டுப்படும்.

வெட்டு என்று வந்ததால் அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு வருகைக்கு ஒரு வகுப்பு என்பது கேட்க எளிது. நாங்கள் வைத்திருந்தது இளநீல மட்டை அட்டை, 24 கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் திகதியும் மிஸ்ஸின் சின்னக் கையெழுத்தும். வியர்த்த கையால் பிடித்துப் பிடித்து மை கலங்கி, எட்டாம் கட்டத்தில் இருப்பது 11ஆம் திகதியா 17ஆம் திகதியா என்று தெரியாமல் போகும். அதனால் மேசையில் ஒரு கொப்பியிலும் எழுதினோம். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் கொப்பியில் இருப்பதுதான் செல்லும். அட்டையைப் போனில் படம் எடுத்து வைக்கிறவர்களோடு எங்களுக்கு ஒருநாளும் பிரச்சினை வந்ததில்லை. ஒவ்வொரு முறையும் கட்டம் நிரப்பியதும் ஒரு படம் எடுத்தால் போதும்.

வராமலே வெட்டுப்படுவதுதான் கணக்கைக் கெடுக்கிறது. வகுப்பில் இடம் குறைவு என்றால் முன்கூட்டிப் பதியச் சொல்வார்கள். பதிந்துவிட்டு வராவிட்டால் ஒன்று போகும். நான்கு மணித்தியாலத்துக்கு முன் ரத்துச் செய்தால் திரும்பக் கிடைக்கும். ஐந்தேகால் வகுப்புக்கு அது ஒன்றேகால். ஆனால் மழை நான்கு மணிக்குத்தானே இருட்டிக்கொண்டு வருகிறது! ஒன்றேகாலுக்கு வெயில் அடித்திருக்கும். இந்த விதி மழை இல்லாத இடத்துக்கு எழுதினது போலத்தான் எனக்குப் படும்.

அக்காவின் கணக்குக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். மழையால் வராத நாட்கள் எல்லாம் வெறுமனே வராத நாட்கள் என்று எடுத்தேன். அவை கட்டத்தில் மிச்சமாக நின்றன, திகதி முடிந்தபோதுதான் போயின. பதிந்து வைத்து வராமல் விட்டிருந்தால் அவை அந்தந்த நாளிலேயே வெட்டுப்பட்டிருக்கும். இவருடைய விடயத்தில் கடைசியில் ஏழு மிஞ்சியதால் வித்தியாசம் தெரியாது. ஆனால் நல்ல காலத்தில், 24ஐயும் முடிக்கக்கூடியவருக்கு, இரண்டு மூன்று வெட்டு நேரே காசு. ஆகவே மழை மாதங்களில் பதிந்து வைக்கத் தேவையில்லாத வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள், அல்லது அன்று மதியம் வானத்தைப் பார்த்துவிட்டுப் பதியுங்கள்.

மழைக்காக வகுப்பை ஸ்டூடியோவே நிறுத்தினால் வெட்ட மாட்டார்கள். அது அநேகமான இடங்களில் சரியாகத்தான் நடக்கும். ஆனால் வகுப்பைத் திருப்பித் தருவதும் நாளைத் திருப்பித் தருவதும் வேறு வேறு. வகுப்பு நடக்கவில்லை, கட்டம் வெறுமையாக இருக்கிறது, முடிவுத் திகதி அசையவில்லை என்றால் உங்களுக்கு ஒரு நாள் நட்டம். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகளைத் திறந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கிராமங்கள் வெள்ளத்தில் நின்றதை மறந்திருக்க மாட்டோம். அப்படி ஒன்று வந்தால் கிழமைக் கணக்கில் எல்லாம் நின்றுவிடும். "நீங்கள் பூட்டி இருக்கும் நாட்களை முடிவுத் திகதியோடு சேர்ப்பீர்களா?" என்பது அதனால்தான் நான் கேட்கச் சொல்லும் மூன்றாவது கேள்வி. நல்ல மனமுள்ளவர்கள் ஓம் என்பார்கள். ஓம் என்றால் அதை பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஒரே நாளில் ஜிம்முக்கும் போய் வகுப்புக்கும் போனால் ஒன்று வெட்டுவார்களா இரண்டா என்பது சின்னக் கேள்விதான். ஆனால் பாரம் தூக்குகிற பிள்ளைகள் இதைக் கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் அநேகமாக இரண்டு.

இனி, இதே அக்கா மழைக்கு முன் எடுக்காமல் மார்ச் 1இல் எடுத்திருந்தால் என்ன? 90 நாள் மே 29 வரை. அறுவடை அநேகமாக ஓய்ந்துவிட்டது, பின்னேரம் வெளிச்சம் இருக்கிறது, தெரு காய்ந்து கிடக்கிறது. சித்திரை வருடப்பிறப்புக் கிழமையில் இரண்டு போகும். வற்றாப்பளை அம்மன் பொங்கல் வைகாசியில், அதற்கு ஒன்று போகட்டும். 25க்கு வாய்ப்பு இருந்தால் 22 நிச்சயம் தேறும். 7,200ஐ 22ஆல் பிரித்தால் 327 ரூபா. விளம்பரத்தில் சொன்ன 300க்கு மிகக் கிட்ட. தனித்தனியாகப் போனால் 11,000. இரண்டு 10 பக்கேஜும் இரண்டு தனி வகுப்பும் என்றால் 9,000. இங்கே பெரிய பக்கேஜுக்குப் பக்கத்தில் ஒன்றும் வராது, பிரீஸைத் தொடக்கூடத் தேவையில்லை. வெக்கை ஒரு கஷ்டம்தான். ஆனால் வெக்கைக்காக வகுப்பை விட்டவர்களை விட மழைக்காக விட்டவர்களைத்தான் நான் அதிகம் கண்டேன்.

மாதக் கட்டணத்தை நான் தள்ளிவிட்டதாக நினைக்க வேண்டாம். கிழமைக்கு மூன்று நாளும் தவறாமல் வருகிறவருக்கு மாதம் 12 வகுப்பு, ஒவ்வொன்றும் 375 ரூபா. அதே வேகத்தில் போனால் 24 பக்கேஜ் எட்டுக் கிழமையில் 300 ரூபா வீதம் முடிந்துவிடும், ஆகவே அப்போதும் பக்கேஜ்தான் மலிவு. மாதம் 15 தரம் வந்தால்தான் மாதக் கட்டணமும் 300க்கு இறங்கும். கல்யாணத்துக்கு முன் இரண்டு மாதம் விடாமல் வருகிற பிள்ளைகள், விளையாட்டுக்குத் தயாராகும் பெடியன்கள், வகுப்பும் ஜிம்மும் ஒரே நாளில் செய்கிறவர்கள், இவர்களுக்குத்தான் அது.

ஆகவே என்னுடைய முடிவு இது. மாசி அறுவடை முடிந்து எடுக்கிறீர்கள், கிழமைக்கு இரண்டு நாள் உறுதி என்றால் 24 பக்கேஜைத் தயங்காமல் எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் எடுப்பதானால் மூன்று விடயத்துக்கும் நல்ல பதில் கிடைத்தால் மட்டும்: முதல் வகுப்பில் இருந்து நாள் எண்ண வேண்டும், பிரீஸை உங்கள் கலண்டருக்கு ஏற்றபடி போட விட வேண்டும், அவர்கள் பூட்டும் நாட்களைத் திகதியோடு சேர்க்க வேண்டும். இதில் ஒன்றுக்காவது "பார்ப்பம்" என்று பதில் வந்தால், அறுவடை முடியும் வரைக்கும் போகும் நாளில் 500ஐக் கட்டிப் போங்கள். அக்காவின் கணக்கில் அதற்காகக் கூடுதலாகப் போவது அதிகம் போனால் 1,300 ரூபா. விதி சரியில்லாத பக்கேஜில் அதைவிடக் கூடுதலான காசு வெட்டாத கட்டங்களாகப் போய்விடும், அதுவும் முன்கூட்டியே கட்டிய காசு.

பக்கேஜ் முடியும் தறுவாயில் இன்னொரு சலுகை வரும். "12ஆம் திகதிக்கு முன் புதுப் பக்கேஜ் எடுத்தால் மிச்ச ஏழும் புது அட்டைக்கு வரும்" என்பார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் 2,100 ரூபாவைக் காப்பாற்ற 7,200 கட்டுகிறீர்கள். அறுவடை முன்னுக்கு நிற்கும்போது அந்த 31 வகுப்பையும் 90 நாளில் முடிக்க வேண்டும், கிழமைக்கு கிட்டத்தட்ட இரண்டரை. அக்காவால் முடியாது. அதற்குப் பதிலாக மிச்சத்தைத் தங்கச்சியோ மச்சாளோ பாவிக்கலாமா என்று கேளுங்கள். சில இடங்களில் விடுவார்கள். ஒரே நாளில் இரண்டு பேர் வந்தால் இரண்டு கட்டம் போகும், ஆனால் கடைசி இரண்டு கிழமையில் ஏழு வகுப்பையும் முடிக்க அதுதான் வழி. அட்டையில் இரண்டாவது பெயரை எடுக்கும் நாளிலேயே எழுதி வைத்தால், கடைசி நேரத்தில் கேட்டு நிற்கத் தேவையில்லை.

காசைக் கட்டும்போது பற்றுச்சீட்டு வாங்குங்கள், அதில் தொகை மட்டும் இருந்தால் போதாது. வகுப்பு எத்தனை, தொடக்கத் திகதி, முடிவுத் திகதி, பிரீஸ் எத்தனை நாள், இவை நான்கும் இருக்க வேண்டும். பிரீஸ் போட்ட அன்றே புது முடிவுத் திகதியை அட்டையில் எழுதுவித்துக் கையெழுத்து வாங்குங்கள். "நான் கொம்பியூட்டரில் மாத்திவிட்டன்" என்ற பேச்சு ஜனவரியில் யாருக்கும் ஞாபகம் இருக்காது, சொன்ன பிள்ளை வேலையை விட்டும் போயிருக்கும்.

சொன்னபடி நடக்காவிட்டால் முறையிட இடம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருளுக்கு மட்டும் இல்லை, சேவைக்கும் உரியது. அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், சேவை வழங்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 90 நாள் பக்கேஜுக்கு இது கவனிக்க வேண்டிய விடயம். அந்த மூன்று மாதத்தைக் காசு கட்டிய நாளில் இருந்தே எண்ணிக்கொள்வதுதான் பாதுகாப்பு, ஏனென்றால் பக்கேஜ் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்தால் காலம் கடந்துவிட்டது என்ற பேச்சு வரலாம். பிரீஸை மறுத்த கிழமையிலேயே, அல்லது தவறாக வெட்டிய கிழமையிலேயே, அட்டையின் படத்தையும் பற்றுச்சீட்டின் பிரதியையும் வைத்து ஒரு கடிதம் முதலில் ஸ்டூடியோவுக்குக் கொடுங்கள். திகதி போட்டு, பிரதி ஒன்றில் பெற்றுக்கொண்டதாக அவர்களின் கையெழுத்தும் வாங்குங்கள். அநேகமான பிரச்சினைகள் அந்தக் கடிதத்தோடேயே தீர்ந்துவிடும்.